லோப்: தண்டின் மேடு

காதுமடலையும் பயற்று நெற்றையும் குறித்த கிரேக்கச் சொல் 'லோபோஸ்'; அதன் வழிவந்ததே லோப். பட்டறையில் அது உருளைத் தண்டின் சுற்றில் எழும் மேடு. சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் ஒற்றைப்படை மேடுகள் எளிதில் உருவாகும். மைக்ரோமீட்டரோ எங்கே பிடித்தாலும் ஒரே விட்டம் காட்டும். ஆகவே தண்டை 90 டிகிரி வி-பிளாக்கில் கிடத்தி, நேர்மேலே டயலை நிறுத்தி, ஒரு சுற்று உருட்ட வேண்டும். முள் மும்முறை ஏறியிறங்கி 0.02 மி.மீ. காட்டினால் மேடுகள் மூன்று. வட்டப் பிழை அதில் பாதி, 0.01 மி.மீ. மேடுகள் சரிவுகளில் படும்போது தண்டே உயர்வதால் அளவு இரட்டிக்கிறது.

முள் அசையாவிட்டால் தண்டு வட்டம்தானே எனலாம். அல்ல: சம இடைவெளியில் ஏழு மேடுகள் இருந்தால் இதே பிளாக் அவற்றை மறைத்துவிடும். இந்த அளவை ரன்-அவுட் என்பதும் பிழை. ரன்-அவுட் ஓர் அச்சைப் பொறுத்தது, இங்கே தண்டு தன் மேற்பரப்பிலேயே அமர்ந்து சுழல்கிறது. ரன்-அவுட்டைச் சென்டர்களுக்கு இடையே பாருங்கள். வி-பிளாக் அளவோடு கோணத்தையும் மேடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்தே எழுதுங்கள்.