கடைசி பில்லில் கழியாத டோக்கன்: வீட்டு உள் அலங்கார ஒப்பந்தங்களில் முன்பணக் கணக்கு பற்றிய ஆய்வு

1. ஆய்வின் எல்லை

மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், லாஃப்ட் முதலிய வேலைகளுக்குப் பேச்சு முடிந்ததும் வீட்டுக்காரர் ஒரு சிறு தொகையைக் கொடுத்து வேலையை உறுதி செய்கிறார். அதை டோக்கன் என்றோ புக்கிங் அட்வான்ஸ் என்றோ சொல்வார்கள். சில மாதங்கள் கழித்துக் கடைசி பில் வரும்போது அந்தத் தொகை எங்கும் கழிக்கப்படவில்லை என்ற தகராறு எழுகிறது. தகராறு தெரியவருவது கடைசி பில்லில்தான். ஆனால் டோக்கன் கணக்கிலிருந்து நழுவுவது பெரும்பாலும் தவணை அட்டவணை எழுதப்பட்ட நாளிலேயே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியாவில் ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்கள் செய்யும் குடியிருப்பு வேலைகளை மட்டும் இது கருதுகிறது.

2. டோக்கன் நழுவும் இடம்

டோக்கன் கொடுக்கும்போது டிசைன் முடிவாகியிருக்காது, கொட்டேஷனும் தோராயமானதே. டிசைன் முடிவான பிறகே இறுதிக் கொட்டேஷனும் தவணை அட்டவணையும் தயாராகின்றன. வேலை தொடங்க 50 சதவீதம், பொருள் தொழிற்சாலையிலிருந்து கிளம்பும் முன் 40, ஒப்படைக்கும்போது 10 என்பது பரவலாகக் காணப்படும் அமைப்பு. இந்த மூன்றும் சேர்ந்தாலே நூறாகிவிடுகிறது. டோக்கனுக்கு அட்டவணையில் இடமே இல்லை. முதல் தவணையில் ‘டோக்கன் போக மீதி’ என்று எழுதாவிட்டால், தவணைகளை ஒழுங்காகக் கட்டும் வீட்டுக்காரர் அந்தத் தொகை அளவுக்கு அதிகமாகக் கட்டுகிறார்.

ஆள் மாறுவது இதைப் பெரிதாக்குகிறது. டோக்கனை வாங்கியவர் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர். பில் போடுபவர் தளத்தில் எடுத்த அளவுகளை வைத்துக் கணக்குப் பார்ப்பவர். டோக்கன் வேறொரு கணக்குக்கோ ஊழியரின் சொந்த யுபிஐ எண்ணுக்கோ போயிருந்தால், வாடிக்கையாளரின் லெட்ஜரில் அந்த வரவு ஏறியிருக்கவே வாய்ப்பில்லை.

3. கணக்கு வழி நிறுவல்

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். கொட்டேஷன் 8,00,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 1,44,000 சேர்ந்து 9,44,000. டோக்கனாக 25,000, அதன்பின் 50 சதவீதமாக 4,72,000, 40 சதவீதமாக 3,77,600 கட்டியாயிற்று. இதுவரை கொடுத்தது 8,74,600.

வேலையின்போது 40 சதுர அடி லாஃப்ட் கூடியது. சதுர அடிக்கு 950 வீதம் 38,000. வார்ட்ரோபில் 10 சதுர அடி குறைந்தது. 1,400 வீதம் 14,000. நிகரக் கூடுதல் 24,000.

ஒப்பந்ததாரர் கேட்பது: கடைசி 10 சதவீதம் 94,400; கூடுதல் வேலைக்கு வரியோடு 28,320; ஆக 1,22,720. தனித்தனியே பார்த்தால் இரண்டு தொகைகளிலும் பிழை தெரியாது.

இப்போது தவணைகளை மறந்துவிட்டு மொத்தத்திலிருந்து வருவோம். வேலையின் இறுதி மதிப்பு 8,24,000, வரி 1,48,320, ஆக 9,72,320. இதில் கொடுத்த 8,74,600 போனால் பாக்கி 97,720. இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 25,000. வித்தியாசம் டோக்கனுக்குச் சமமாக வந்தால் காரணம் அட்டவணைதான். வேறு தொகையாக வந்தால் அளவிலோ விலையிலோ வரியிலோ பிழையைத் தேட வேண்டும்.

4. இன்வாய்ஸும் பாக்கியும்

ஜிஎஸ்டி இன்வாய்ஸ் காட்டுவது வேலையின் மதிப்பையும் அதன்மேல் விழும் வரியையும். இதுவரை எவ்வளவு வரவானது என்பதை அது காட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆகவே முழுத் தொகைக்கு இன்வாய்ஸ் வந்தது என்பதாலேயே டோக்கன் கழியவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. அதற்குச் சான்று லெட்ஜர். வாடிக்கையாளர் பெயரில் உள்ள லெட்ஜர் நகலைக் கேட்டு, வங்கிக் கணக்கிலிருந்து போன ஒவ்வொரு தொகையும் அதில் தேதியோடு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். தவணைதோறும் இன்வாய்ஸ் போட்டிருந்தால் எல்லா இன்வாய்ஸ்களின் கூட்டுத்தொகையே வேலை மதிப்பு. கடைசி இன்வாய்ஸ் மிச்ச மதிப்புக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

கழிக்கும் இடமும் முக்கியம். டோக்கன் என்பது வரவு, தள்ளுபடி அல்ல. வரி சேர்ந்த மொத்தத்திலிருந்துதான் அதைக் கழிக்க வேண்டும். வரிக்கு முந்தைய மதிப்பில் கழித்தால் மேற்கண்ட கணக்கில் பாக்கி 93,220 என்று வரும். அப்போது 4,500 ரூபாய் குறைவாகக் கேட்டவர் ஒப்பந்ததாரர்.

5. வரி ஆவணம் என்ற சான்று

கட்டடத்தோடு பொருத்திச் செய்யும் வேலை ஒப்பந்தம் ஜிஎஸ்டி சட்டத்தில் சேவையாகக் கருதப்படுகிறது. சேவைக்கு முன்பணம் வாங்கினால் வாங்கியபோதே வரி கட்டும் பொறுப்பு வருகிறது. வரவுச் சீட்டும் தர வேண்டும். சீட்டில் வரிசை எண், தேதி, தொகை, வரி விகிதம் ஆகியவை இருக்கும். ஒப்பந்ததாரர் அந்த முன்பணத்தை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 11ஏ அட்டவணையில் காட்டி, இன்வாய்ஸ் போடும்போது 11பி அட்டவணையில் சரிக்கட்ட வேண்டும். சரிக்கட்டாவிட்டால் ஒரே தொகைக்கு இருமுறை வரி கட்டுபவர் அவரே. வரவுச் சீட்டு இருந்தால் டோக்கன் வரவில்லை என்றோ அது வேறு கணக்கு என்றோ சொல்வது கடினம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. கட்டில், சோஃபா போன்ற தனிப் பொருள்களின் விற்பனைக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே வரி கட்டத் தேவையில்லை என 2017 நவம்பர் 15 அறிவிக்கை சொல்கிறது. அங்கே சாதாரண ரசீதும் வங்கிப் பதிவுமே சான்று.

6. ‘அது டிசைன் கட்டணம்’ என்ற பதில்

டோக்கனைப் பற்றிக் கேட்டால், அது டிசைனுக்கும் தள அளவெடுப்புக்கும் சரியாகிவிட்டது என்ற பதில் வருவதுண்டு. புக்கிங் படிவத்தில் டிசைன் கட்டணம் தனியாக எழுதப்பட்டிருந்தால் அந்தப் பதில் நிற்கும். ‘திருப்பித் தரப்படாது’ என்று மட்டும் இருந்தால் நிற்காது. வீட்டுக்காரர் பாதியில் விலகும் நிலைக்கு உரிய நிபந்தனை அது. வேலை முடிந்து பில் வரும்போது தொகையைக் கழிக்காமல் விட அது இடம் தருவதில்லை.

டிசைன் கட்டணமும் வேலைக் கட்டணமும் இரு தனிக் கடன்களாக இருந்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60 பிரிவுகள் குறுக்கே வருகின்றன. எந்தக் கடனுக்காகப் பணம் தருகிறோம் என்று கொடுப்பவர் சொல்லிக் கொடுத்தால், வாங்குபவர் அதற்கே வரவு வைக்க வேண்டும். கொடுப்பவர் சொல்லாமலும் சூழ்நிலை காட்டாமலும் இருந்தால், எந்தக் கடனில் வரவு வைப்பது என்பது வாங்குபவர் விருப்பம். டோக்கன் அனுப்பும்போதே ‘வேலைக்கான முன்பணம், மொத்த பில்லில் கழிக்க’ என்று குறுஞ்செய்தியில் எழுதுவது இந்தக் காரணத்தால்தான்.

7. தீர்க்கும் முறை

முழுப் பாக்கியையும் நிறுத்தி வைப்பது வீட்டுக்காரரின் பக்கத்தைப் பலவீனமாக்கும். மூன்றாம் பகுதியில் உள்ளதுபோலக் கணக்கை எழுதி, தகராறு இல்லாத 97,720ஐக் கட்டி, ‘இதுவே முழுப் பாக்கி’ என்று குறிப்பிட்டு லெட்ஜர் நகலை எழுத்தில் கேட்பது நல்லது. முழுத் தொகையையும் கட்டிய பிறகே பிழை தெரிந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு துணைக்கு வரும். தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். மனுக் கட்டணம் தகராறுத் தொகையைப் பொறுத்ததல்ல. வேலைக்குக் கொடுத்த தொகையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நம் எடுத்துக்காட்டு 5 முதல் 10 லட்சத்துக்குள் வருவதால் 200 ரூபாய். வணிக நோக்கில் செய்த அலுவலக வேலைக்கு இந்த வழி பொதுவாகத் திறப்பதில்லை.

8. முடிபு

டோக்கன் தகராறைக் கடைசி பில்லில் தீர்க்க முயல்வது தாமதமான முயற்சி. அட்டவணையின் முதல் வரியில் டோக்கனை எழுதி, முதல் தவணையை ‘50 சதவீதத்தில் டோக்கன் போக மீதி’ என்று அமைத்தால் நம் எடுத்துக்காட்டில் அந்தத் தவணை 4,47,000 ஆகியிருக்கும். வேலை கூடினாலும் குறைந்தாலும் கடைசியில் வரும் பாக்கி, மொத்த மதிப்பிலிருந்து கொடுத்தது போக மீதியோடு பொருந்தியிருக்கும்.