ஏணிக்குள் அடங்காத கணக்கு

1960களில் அமெரிக்கக் கார் தொழிற்சாலைகளின் இயந்திரங்களை ரிலேக்கள்தான் ஆட்டுவித்தன. ஆளுயரப் பேனலுக்குள் நூற்றுக்கணக்கான ரிலேக்கள் டிக் டிக்கென்று மூடித் திறந்துகொண்டிருந்தன. கார் மாடல் மாறிய ஒவ்வொரு முறையும் அத்தனை வயரையும் பிரித்து மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. 1968ல் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு பொறுமை இழந்து, ரிலே பேனலுக்கு மாற்றாக ஓர் எலெக்ட்ரானிக் பெட்டி வேண்டும் என்று அறிவித்தது. அப்படியொரு பெட்டி அதே ஆண்டின் முதல் தேதியிலேயே வேறொருவர் மனத்தில் உருவாகியிருந்தது.

அவர் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனத்தின் டிக் மோர்லி. முந்தைய இரவின் புத்தாண்டுக் கொண்டாட்ட மயக்கம் தெளியாமலேதான் அந்தப் பெட்டிக்கான குறிப்பை எழுதியதாக அவரே பின்னாளில் சொன்னார். நிறுவனத்தின் 84ஆவது திட்டம் என்பதால் பெட்டிக்கு 084 என்று பெயர் விழுந்தது. 1969ல் அது ‘மோடிகான் 084’ ஆக வெளிவந்தது. இன்று பிஎல்சி என்று அழைக்கப்படும் கருவிகளின் முன்னோடி அதுதான். பெட்டி தயாரானதும் ஒரு சிக்கல் முளைத்தது. இரவு ஷிப்டில் அதைத் திறந்து பார்க்கப் போகிறவர் எலெக்ட்ரீஷியன். கணினி மொழி எதுவும் அவருக்குத் தெரியாது.

அதனால் அவருக்குத் தெரிந்த படத்தையே மொழியாக்கினார்கள். இருபுறமும் இரண்டு நெடுங்கோடுகள், நடுவே படிப்படியாகக் குறுக்குக் கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் சில கான்டாக்ட்கள், முடிவில் ஒரு காயில். ரிலே சர்க்யூட்டின் வரைபடம் அப்படியே திரைக்கு வந்தது. லேடர் என்ற இந்த முறையில், மோட்டார் ஓடாவிட்டால் எந்தக் கான்டாக்ட் வரை ‘கரன்ட்’ வந்து நின்றிருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. என் கணிப்பில் பிஎல்சி தொழிற்சாலைக்குள் நுழைந்ததற்குப் பெட்டியைவிட அந்தப் படமே பெரிய காரணம். அந்த வெற்றிதான் அடுத்த தொல்லையையும் கூட்டி வந்தது.

ஆன், ஆஃப் மட்டும் பார்த்துவந்த பெட்டியிடம் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் கேட்கத் தொடங்கினார்கள். கூட்டலுக்கு ஒரு கட்டம், பெருக்கலுக்கு ஒரு கட்டம் என்று ஏணியின் படிகளில் கணக்குகள் தொற்றிக்கொண்டன. ஒரு சென்சாரின் அளவு 0 முதல் 4095 வரையிலான எண்ணாக வந்தது. அதை 0 முதல் 10,000 கிலோவாட்டாக மாற்ற 10,000ஆல் பெருக்கி 4095ஆல் வகுத்தால் போதும். ஆனால் பல கருவிகளில் ஓர் எண் 32,767ஐத் தாண்ட முடியாது. சென்சார் வெறும் 4 காட்டும்போதே பெருக்கல் 40,000ஐத் தொட்டு வழிந்தது. முதலில் வகுக்கலாம் என்றால், முழு எண் கணக்கில் 4094ஐ 4095ஆல் வகுத்தால் கிடைப்பது பூஜ்யம். இதைச் சமாளிக்க இடைவிடைகளைத் தனித்தனி ரெஜிஸ்டர்களில் ஒதுக்கிவைத்து, ஒரு வரிச் சூத்திரத்தைப் பல படிகளாகப் பிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஏணியைப் பார்த்தவருக்கு உள்ளே என்ன சூத்திரம் இருந்தது என்பதே புலப்படவில்லை. அதற்கான மருந்து, தொழிற்சாலை வாசனையே இல்லாத ஒரு வகுப்பறையிலிருந்து வந்தது.

ஸ்விட்சர்லாந்தில் நிக்லாஸ் விர்த் என்ற பேராசிரியர் மாணவர்களுக்கு நல்ல நிரலெழுதக் கற்றுத்தர 1970ல் பாஸ்கல் மொழியை வெளியிட்டார். பிஎல்சி தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு வட்டார வழக்கை வளர்த்துக்கொண்டிருந்த குழப்பத்தைத் தீர்க்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பொது விதி எழுத முனைந்தது. ஐஇசி 1131-3 என்ற அந்த விதி 1993ல் வெளியானது. இப்போது அதன் எண் 61131-3. லேடர் அதில் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அதன் பக்கத்திலேயே பாஸ்கலின் சாயலோடு ‘ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்’ என்ற எழுத்து மொழியும் உட்கார்ந்தது. ஏணி இருக்கையில் எழுத்து எதற்கு என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. எழுத்தை விட்டால் வழியில்லை என்கிற மாதிரியான கணக்கு கடலுக்கு நடுவே காத்திருந்தது.

தெற்கு அந்தமானின் மின்கட்டமைப்புக்குப் பெருநிலத்தோடு இணைப்பு கிடையாது. டீசல் ஜெனரேட்டர்களே அதன் முதுகெலும்பு. நெய்வேலியைத் தலைமையிடமாகக் கொண்ட என்.எல்.சி. இந்தியா அங்கே ஆட்டம் பஹாட், டாலிகஞ்ச் பகுதிகளில் 20 மெகாவாட் சூரிய மின்திட்டத்தை 8 மெகாவாட் மணி பேட்டரியுடன் அமைத்து, 2020ல் முழுமையாக இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. சிறிய தீவுக் கட்டமைப்பில் மேகம் ஒரு பெரிய எதிரி. வெயில் சட்டென்று மறைந்தால் டீசல் என்ஜின் உடனே அந்தச் சுமையைத் தூக்க முடியாது. அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியும். மேகம் வந்த அந்த ஒரு நிமிடத்தைப் பேட்டரி எப்படிக் கடக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

இப்படிப்பட்ட எந்த நிலையத்துக்கும் பொருந்தும் கணக்கின் கரு மூன்று வரிகளில் அடங்கிவிடுகிறது. நொடிக்கு ஒருமுறை இது ஓடுவதாக வைத்துக்கொள்ளலாம்:

```
Diff    := PV_kW - Out_kW;
Out_kW  := Out_kW + LIMIT(-10.0, Diff, 10.0);
Batt_kW := Out_kW - PV_kW;
```

கட்டமைப்புக்குப் போகும் மின்சாரம் நொடிக்கு 10 கிலோவாட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. மீதியைப் பேட்டரி கொடுக்கும் அல்லது வாங்கும். பேனல்கள் 8,000 கிலோவாட்டிலிருந்து ஒரே நிமிடத்தில் 3,000க்குச் சரிந்தால், அந்த நிமிட முடிவில் வெளியே போவது 7,400. இடைவெளியான 4,400 கிலோவாட்டைப் பேட்டரி தாங்க வேண்டும். அதன் பிறகு 440 நொடிகளில் வெளியீடு நிதானமாக 3,000க்கு இறங்கும். மொத்தத்தில் பேட்டரி செலவழித்தது சுமார் 306 கிலோவாட் மணி. 8 மெகாவாட் மணி பேட்டரியில் இது நாலு சதவீதம்கூட இல்லை. ஆக, பேட்டரி எவ்வளவு சேமிக்கும் என்பதைவிட ஒரே சமயத்தில் எவ்வளவு தரும் என்பதே இங்கே முதல் கேள்வி. இத்தனையையும் அந்த மூன்று வரிகளைக் காகிதத்தில் வைத்துச் சரிபார்த்துவிட முடிகிறது. இதுவரை லேடரும் நாலைந்து கட்டங்களில் ஈடுகொடுத்துவிடும். பின்தங்கியது அடுத்த அடியில்.

நொடிக்கு இவ்வளவு என்று பூட்டுவதற்குப் பதிலாகக் கடந்த பத்து நிமிடச் சராசரியைப் பின்தொடர நினைத்தால், 600 அளவுகளை வரிசையில் வைத்துக் கூட்ட வேண்டும்.

```
Sum := 0.0;
FOR i := 1 TO 600 DO
  Sum := Sum + PV[i];
END_FOR;
Avg := Sum / 600.0;
```

ஏணியில் இதற்கு ஒரு சுட்டெண், ஓர் ஒப்பீடு, மேல்படிக்குத் திரும்பத் தாவும் ஒரு கட்டளை எல்லாம் தேவைப்படும். மேலிருந்து கீழாகப் படிக்கப் பழகிய கண்ணுக்கு அது பொறியாகிவிடும். திரும்பத் திரும்பச் செய்யும் கணக்கு, வரிசையாக அடுக்கிய எண்கள், அடைப்புக்குறிகள் நிறைந்த சூத்திரம் என்று எது வந்தாலும் எழுத்தே வென்றது. வென்ற இடத்திலேயே அதற்கு ஒரு கண்டமும் இருந்தது.

பிஎல்சி தன் நிரலை ஓயாமல் ஒரு சுற்றாக ஓட்டுகிறது. ஒரு சுற்று குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் வாட்ச்டாக் என்ற காவல் விழித்துக் கருவியையே நிறுத்திவிடும். இந்தச் சுழலை ஒரு சில மில்லி நொடிகளுக்கு ஒருமுறை ஓடும் சுற்றுக்குள் வைத்தவர்கள், சோதனையில் நன்றாக ஓடியது வேறு வேலைகளும் சேர்ந்த நாளில் நின்றுபோனதைப் பார்த்தார்கள். நிரல் மென்பொருள் காட்டும் அதிகபட்சச் சுற்று நேரம் காவல் எல்லையை நெருங்குவதுதான் அதன் முன்னறிகுறி. வெளியேறும் பழைய அளவைக் கழித்துப் புதியதைக் கூட்டினால் 600 கூட்டல் இரண்டே செயலாகச் சுருங்கும். அல்லது சுழலை நொடிக்கு ஒருமுறை ஓடும் தனிப் பணிக்கு மாற்றலாம்.

பேட்டரியின் பிரேக்கரை எப்போது மூடலாம் என்ற நிபந்தனைகளை மட்டும் எழுத்துக்குத் தராமல் இருப்பதே நல்லது என்பேன். வெப்பம், கதவு, அவசர நிறுத்தம், இன்சுலேஷன் என்று வெறும் ஆம், இல்லைகளால் ஆன வேலை அது. பிரேக்கர் மூட மறுக்கும் இரவில் நிபுணர் சென்னையிலோ கொல்கத்தாவிலோ இருப்பார். தீவில் இருப்பவர் எலெக்ட்ரீஷியன். ஏணியைத் திறந்தால் எந்தக் கான்டாக்ட் திறந்து கிடக்கிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.