பாட்டே இல்லாத படம்... மனசில் நிற்கும் பின்னணி இசையைத் தேடுவது எப்படி?

பேத்தி கட்டும் வீட்டைப் பார்க்க ஒரு தாத்தா தனியாக வருகிறார். பாதி எழும்பிய வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். பேச்சு அதிகமில்லை, இசைதான். படத்தின் பெயர் மறந்துபோச்சு. எங்கே தேடுவது?

முதலில் தேட வேண்டியது இசையை அல்ல, படத்தை. ‘தாத்தா, பேத்தி, வீடு கட்டுவது’ என்று கதையைத் தட்டினாலே பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) வந்துவிடும். தாத்தாவாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். ஆர்.கே.பேட்டை மாதிரி ஆந்திர எல்லை ஊர்களில் தெலுங்குப் படமும் பார்த்து வளர்ந்தவர்கள் இரண்டு மொழியிலும் தேடுவது நல்லது. டப்பிங்கில் பெரும்பாலும் அதே இசை இருக்கும், ரீமேக்கில் மாறிவிடும்.

அடுத்துதான் சிக்கல். ‘வீடு’ படத்தில் பாடல்களே கிடையாது. அதனால் ‘வீடு பாடல்கள்’ என்று தேடினால் பயனில்லை. இதில் ஒலிப்பது இளையராஜா 1986-ல் வெளியிட்ட தனி ஆல்பத்தின் இசை. How to Name It என்று தேட வேண்டும்.

ஆல்பம் கிடைத்ததும் ஒவ்வொரு டிராக்கையும் முழுசாகக் கேளுங்கள். படத்தில் ஒரு இசையை நடுவிலிருந்தும் வெட்டிச் சேர்ப்பார்கள் என்பதால், முதல் அரை நிமிடத்தை மட்டும் கேட்டுத் தள்ளிவிடக் கூடாது. மெட்டு ஒத்துப்போனால் போதாது, வாத்தியமும் வேகமும் ஒத்துப்போகணும்.

ஷாஸாம் போன்ற ஆப்பில் தேடுவதானால், வசனம் இல்லாத பத்துப் பதினைந்து விநாடியை ஒலிக்கவிடுங்கள். ஆனால் தனியாக வெளியிடப்படாத பின்னணி இசை என்றால் ஆப்பிலும் சிக்காது. அதற்கு அந்தக் காட்சியேதான் ஒரே பிரதி.