குழந்தையின் கால் வளைந்திருக்கிறதா? 'நடந்தா சரியாயிடும்' என்று எப்போது சொல்லலாம், எப்போது கூடாது?

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் பல பெற்றோர் கவனிக்கும் விஷயம் இது. பாதங்களைச் சேர்த்து நிறுத்தினால் முழங்கால்களுக்கு நடுவே இடைவெளி. "நடந்தா தானா சரியாயிடும்" என்பார் பாட்டி.

பெரும்பாலும் அவர் சொல்வது சரிதான். ஆனால் எல்லா வளைவும் ஒன்றல்ல.

இயல்பான வளைவு எப்படி இருக்கும்?

பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் கால் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் அது நேராகிவிடும். பிறகு எதிர்ப்பக்கம் திரும்பும். மூன்று, நான்கு வயதில் முழங்கால்கள் ஒன்றோடு ஒன்று இடிப்பதுபோல் தெரியும். ஏழு வயதுவாக்கில் பெரியவர்களின் கால் அமைப்பு வந்துவிடும்.

இந்த வளைவு இரண்டு காலிலும் ஒரேமாதிரி இருக்கும். தொடை, கீழ்க்கால் இரண்டும் சேர்ந்து மென்மையாக வளைந்திருக்கும்.

பிளவுண்ட் நோய் என்றால் என்ன?

முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்புக்கு டிபியா என்று பெயர். அதன் மேல்முனையில் எலும்பு நீளமாக வளர உதவும் வளர்தட்டு இருக்கிறது. பிளவுண்ட் நோயில் அந்தத் தட்டின் உட்பக்கம் வளர்ச்சியில் பின்தங்கிவிடுகிறது. வெளிப்பக்கம் மட்டும் வளர்வதால் கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே திடீரென மடங்கியதுபோல் தெரியும். டிபியா வாரா என்பதும் இதுதான்.

சீக்கிரம் நடக்கத் தொடங்கிய, எடை கூடிய குழந்தைகளிடம் இது அதிகம் காணப்படுகிறது. வளைந்த காலில் உடல் எடை உட்பக்கமாக அழுத்தும். அழுத்தம் கூடினால் அங்கே வளர்ச்சி குறையும். வளைவு இன்னும் கூடும்.

ஒரு காலில் மட்டும் வளைவு, இரண்டு வயதுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போவது, நடக்கும்போது முழங்கால் வெளிப்பக்கம் வெட்டுவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள்.

கோணத்தை எப்படி அளப்பாங்க?

முழங்கால் சிப்பி நேராக முன்னே பார்க்கும்படி பிள்ளையை நிற்க வைத்து எக்ஸ்ரே எடுப்பார்கள். டிபியாவின் தண்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைவார்கள். வளர்தட்டுக்குக் கீழே எலும்பு விரியும் பகுதியின் இரு ஓரங்களையும் இணைத்து இன்னொரு கோடு வரைவார்கள். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் மெட்டாஃபைசியல்-டயாஃபைசியல் கோணம்.

1982இல் லெவின், டிரெனன் என்ற மருத்துவர்கள் 11 டிகிரியை எல்லைக்கோடாகச் சொன்னார்கள். இப்போது பொதுவாக 9 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் இயல்பு, 16 அல்லது அதற்கு மேல் இருந்தால் பிளவுண்ட் என்று கொள்கிறார்கள். நடுவில் வந்தால் ஒரே படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. கால் கொஞ்சம் திரும்பியிருந்தாலே எண் மாறிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம்

கற்பனையான ஒரு பிள்ளை, 22 மாதம். 10 மாதத்திலேயே நடந்தவள். எக்ஸ்ரேயில் இடது கால் 14 டிகிரி, வலது கால் 12. இரண்டும் நடுவில் இருப்பதால் மருத்துவர் சிகிச்சை தொடங்காமல் சில மாதம் கழித்து வரச் சொல்கிறார்.

27 மாதத்தில் வலது கால் 8 டிகிரி. அது தானாக நேராகிறது. ஆனால் இடது கால் 18. எலும்பின் உள் ஓரம் பறவை அலகுபோல் கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. இனி காத்திருப்பது சரியல்ல.

பிரேஸா, அறுவை சிகிச்சையா?

மூன்று வயதுக்குள், நோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்தால் பிரேஸ் பலன் தரலாம். தொடையிலிருந்து பாதம்வரை வரும் இந்தக் கருவியைப் பிள்ளை நிற்கும்போதும் நடக்கும்போதும் போட்டிருக்க வேண்டும். கழற்றி வைத்துவிட்டு நடந்தால் பயனில்லை. ஒரு காலில் மட்டும் நோய் இருந்தால் வாய்ப்பு நல்லது. எடை மிக அதிகமாக இருந்தால் குறைவு. சில வளைவுகள் பிரேஸ் இல்லாமலேயே சரியாவதால், அது எவ்வளவு உதவுகிறது என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சுமார் ஓராண்டில் முன்னேற்றம் இல்லையென்றால் அடுத்தது 'வழிநடத்தப்பட்ட வளர்ச்சி' சிகிச்சை. வளர்தட்டின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறு உலோகத் தகட்டை இரண்டு திருகாணிகளால் பொருத்துவார்கள். வெளிப்பக்கம் மெதுவாகும்; உட்பக்கம் எட்டிப் பிடிக்கும். கால் நேரானதும் தகட்டை எடுத்துவிடுவார்கள். எடை கூடிய பிள்ளைகளிடம் திருகாணி உடைவதும் உண்டு.

ஆனால் உட்பக்க வளர்தட்டு ஏற்கெனவே எலும்பாக இறுகிவிட்டால் இது வேலை செய்யாது. அப்போது எலும்பை வெட்டி நேராக்க வேண்டியிருக்கும். நான்கு வயதுக்குப் பிறகு அதைச் செய்தால் வளைவு திரும்ப வரும் அபாயம் கூடுகிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளையை முழங்கால்கள் நேரே பார்க்க நிறுத்தி ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். நடக்கும் காணொளியும் உதவும். இரண்டு வயதாகியும் வளைவு குறையவில்லை என்றாலோ ஒரு கால் மட்டும் மாறினாலோ, பலதுறை மருந்தகத்திலோ குழந்தைநல மருத்துவரிடமோ அவற்றைக் காட்டுங்கள். வைட்டமின் டி குறைவாலும் கால் வளையலாம்; அதையும் அவர்கள் சோதிப்பார்கள்.