படித்தொகையில் 3 வெள்ளி பிடித்தால், ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு குறையும்?

முதல் மாதச் சம்பளச்சீட்டு வந்தாச்சு. வேலைப்பயிற்சிக்குப் பேசிய படித்தொகை 1,200 வெள்ளி. கைக்கு வந்ததோ 1,197. சிண்டா நிதிக்கு 3 வெள்ளி பிடித்திருக்கிறார்கள். 1,000 வெள்ளிக்கு மேல் 1,500 வெள்ளி வரையிலான மாதச் சம்பளத்துக்கு அந்த விகிதம்தான். வேண்டாமென்றால் படிவம் கொடுத்து விலகிக்கொள்ளலாம். (இது மசேநிதி பிடித்தம் இல்லாத பயிற்சி.)

மணிக்கணக்கில் பார்த்தால் என்ன ஆகும்?

பலர் 1,197ஐ 4 வாரத்தால் வகுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மணிக்கு 7.48 வெள்ளி வரும். கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனால் தவறு. ஆண்டுக்கு 52 வாரம். மாதத்துக்கு 4 வாரத்துக்கும் கூடுதல்.

மனிதவள அமைச்சின் முறைப்படி, மாதத் தொகையை 12ஆல் பெருக்கி, 52 × 44ஆல் வகுக்க வேண்டும். 44 என்பது வார வேலை நேரம். அங்கே உங்கள் சொந்த நேரத்தைப் போட்டுப் பாருங்கள்.

வாரத்துக்கு 5 நாள், காலை 9 முதல் மாலை 6 வரை வேலை. சாப்பாட்டு நேரத்தைக் கழித்தால் 40 மணி நேரம்.

12 × 1,197 ÷ (52 × 40) = 6.91 வெள்ளி

பிடித்தம் இல்லாவிட்டால் 6.92. வித்தியாசம் இரண்டு காசுகூட இல்லை!

இப்போது தினமும் 7 மணிக்குத்தான் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 45 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 6.14 வெள்ளிதான், 77 காசு போச்சு. அந்தக் கூடுதல் நேரத்துக்கும் 6.91 வெள்ளி தந்திருந்தால், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 150 வெள்ளி கிடைத்திருக்கும். சம்பளச்சீட்டில் அதற்கு வரியே கிடையாது. வந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் கைபேசியில் நீங்களே குறித்து வைத்தால்தான் தெரியும்.