வேலைத்தேர்வில் ஆளுமை வினாத்தாள்கள்

வேலைக்கு விண்ணப்பித்தவர் தம் இயல்பைப் பற்றித் தாமே சொல்லும் பதில்களை மதிப்பெண்ணாக மாற்றும் கருவி ஆளுமை வினாத்தாள். நிறுவனங்கள் ‘சைக்கோமெட்ரிக் டெஸ்ட்’ என்று பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு வெவ்வேறு தேர்வுகள் அடங்கும். ஒன்று எண்கணக்கு, மொழி, தருக்கம் ஆகியவற்றைச் சோதிக்கும் திறன் தேர்வு. அதில் சரியான விடை உண்டு, நேரக் கட்டுப்பாடும் உண்டு. மற்றொன்றான ஆளுமை வினாத்தாளில் சரி, தவறு என்பதில்லை. ‘கூட்டத்தில் முதலில் பேசுவது நானாகவே இருப்பேன்’ போன்ற வாக்கியம் தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டுமே விண்ணப்பதாரர் குறிக்க வேண்டும். பதில்களில் முரண்பாடு என்ற கேள்வி எழுவது இந்த இரண்டாம் வகையில்தான்.

இவ்வகை வினாத்தாளின் தொடக்கம் முதல் உலகப்போர்க் காலத்தைச் சேர்ந்தது. போர்முனையில் மனம் குலையக்கூடிய வீரர்களை முன்கூட்டியே கண்டறிய அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடையளிக்கும் கேள்விகளைத் தொகுத்தார். இன்று வேலைத்தேர்வில் புழங்கும் வினாத்தாள்கள் பலவும் ஐந்து பெரும் பண்புகளைச் சுற்றி அமைந்தவை: பொறுப்பொழுங்கு, புறமுக இயல்பு, இணக்கம், உணர்ச்சிச் சமநிலை, புதியவற்றில் நாட்டம். இவற்றுள் வேலையோடு மிகப் பரவலாகத் தொடர்புடையது பொறுப்பொழுங்கு. மரி பாரிக், மைக்கேல் மவுண்ட் இருவரும் 1991இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, எல்லாத் தொழில் பிரிவுகளிலும் வேலைத்திறனோடு தொடர்பு காட்டியது இந்தப் பண்புதான். புறமுக இயல்பின் தொடர்பு விற்பனை, மேலாண்மை போன்ற வேலைகளில் தெரிந்தது.

மதிப்பெண் உருவாகும் விதத்தை ஓர் எளிய எடுத்துக்காட்டில் காணலாம். பொறுப்பொழுங்கை அளக்க ஆறு வாக்கியங்கள் இருப்பதாகக் கொள்வோம். ‘கெடுவுக்கு முன்பே வேலையை முடிப்பேன்’, ‘தொடங்குமுன் திட்டம் போடுவேன்’, ‘சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன்’ ஆகிய மூன்றும் நேர் வாக்கியங்கள். ‘என் மேசை கலைந்தே கிடக்கும்’, ‘சிறு விவரங்களைக் கவனிக்கத் தவறுவேன்’, ‘கடினமான வேலையைத் தள்ளிப்போடுவேன்’ ஆகிய மூன்றும் தலைகீழ் வாக்கியங்கள். ‘சற்றும் பொருந்தாது’ என்பதற்கு 1, ‘முழுதும் பொருந்தும்’ என்பதற்கு 5. தலைகீழ் வாக்கியங்களுக்கு, குறித்த எண்ணை 6இலிருந்து கழித்துக் கணக்கில் எடுப்பார்கள். நேர் வாக்கியங்கள் மூன்றுக்கும் 4 குறித்து, தலைகீழ் வாக்கியங்களுக்கு 2, 3, 2 என்று குறித்தவருக்கு முதல் பகுதியில் 12, இரண்டாம் பகுதியில் 4, 3, 4 என 11, ஆக மொத்தம் 23.

இந்த 23 தனியாக எதையும் சொல்லாது. அதே போன்ற வேலைக்கு வந்த பலருடைய மதிப்பெண்களோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு. அந்தக் குழுவின் சராசரி 20, திட்ட விலக்கம் 4 என்று வைத்துக்கொண்டால், 23 என்பது சராசரிக்கு மேல் முக்கால் விலக்கம். சராசரியை 5.5 ஆகவும் ஒரு விலக்கத்தை 2 ஆகவும் வைக்கும் ‘ஸ்டென்’ என்ற பத்துப் படி அளவில் அது 7 ஆகும்.

இப்போது இன்னொருவர் அவசரத்தில் எல்லா வாக்கியங்களுக்கும் 4 குறிக்கிறார். நேர் வாக்கியங்களில் 12, தலைகீழாக்கிய பின் மற்றவற்றில் 6, மொத்தம் 18. மூன்றாமவர் யோசித்தே எல்லாவற்றுக்கும் நடுநிலையான 3 குறிக்கிறார். அவருக்கும் 18தான். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்று. ஆனால் முன்னவர் கெடுவுக்கு முன்பே முடிப்பதாகவும் வேலையைத் தள்ளிப்போடுவதாகவும் ஒருசேரச் சொல்லியிருக்கிறார். இத்தகைய இணைகளை வினாத்தாள் முழுவதும் ஒப்பிட்டு எண்ணுவதே முரண்பாட்டுச் சோதனை. ஓரிடத்தில் 4, ஒத்த வாக்கியத்தில் 3 என்பது இயல்பான வேறுபாடு. எதிரெதிர் முனைகள் பல இணைகளில் திரும்பத் திரும்ப வந்தால்தான், பதில்கள் நம்பத்தக்கவை அல்ல என்ற குறிப்பு அறிக்கையில் ஏறும்.

முரண்பாட்டுக்குப் பொய்யைவிடச் சாதாரணமான காரணங்களே பெரும்பாலும் இருக்கும். எதிர்மறைச் சொல்லைக் கவனிக்காமல் படிப்பது ஒன்று. ஆங்கிலத்தில் தேர்வெழுதும் தமிழ் விண்ணப்பதாரர், ‘அரிதாகவே’ என்ற பொருளுள்ள ‘செல்டம்’, ‘ஹார்ட்லி’ போன்ற சொற்களில் தடுமாறினால் பதில் அப்படியே திரும்பிவிடும். இன்னொன்று, ஒரு கேள்விக்கு வீட்டு நினைவில் விடையளித்து அடுத்ததற்கு அலுவலக நினைவில் விடையளிப்பது. வீட்டில் பேச்சுக்குறைவானவர் வாடிக்கையாளரிடம் தாராளமாகப் பேசலாம். இரண்டும் உண்மைதான், ஆனால் தாளில் அவை மோதும். ஆகவே முரணின்றி விடையளிக்க வழி, முன்பு எதைக் குறித்தோம் என்று நினைவில் வைப்பதன்று. நூறு வாக்கியங்களுக்கு மேல் அது யாராலும் முடியாது. கடந்த ஓரிரு ஆண்டுகளில் வேலையிடத்தில், படிப்பை முடித்தவரானால் கல்லூரித் திட்டப்பணியில், வழக்கமாக எப்படி நடந்துகொண்டோம் என்ற ஒரே படத்தை மனத்தில் வைத்து, இறுதிவரை அதிலிருந்தே விடை சொல்ல வேண்டும். ஒரு நாள் நடந்த விதிவிலக்கை வைத்துக் குறிப்பதும், எதற்கும் நடு எண்ணையே தேடுவதும் அந்தப் படத்தைக் கலைத்துவிடும்.

நல்லவராகக் காட்டிக்கொள்ளும் முயற்சியைப் பிடிக்கவும் தனி வாக்கியங்கள் உண்டு. 1940களில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்.எம்.பி.ஐ. வினாத்தாளில் இதற்கென 15 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோல் இருந்தது. ‘நான் ஒருபோதும் கோபப்பட்டதில்லை’ என்ற போக்கில் அமையும் இவ்வகை வாக்கியங்களுக்கு உண்மையில் யாரும் தொடர்ந்து ‘ஆம்’ சொல்ல முடியாது. ஆனால் இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மெய்யாகவே ஒழுங்கானவரும் இதில் உயர்ந்த மதிப்பெண் பெறுவார். 1996இல் டெனிஸ் ஒன்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, இதைக் கொண்டு ஆளுமை மதிப்பெண்ணைத் திருத்தினாலும் கணிப்பு மேம்படவில்லை என்று காட்டியது. இந்தக் குறிப்பை மட்டும் வைத்து ஒருவரைத் தள்ளுவது சரியான பயன்பாடு அன்று.

வேறொரு வழி கட்டாயத் தேர்வு. ஒரே அளவு நன்றாகத் தோன்றும் மூன்று வாக்கியங்களைத் தந்து, தமக்கு மிகப் பொருந்துவது எது, மிகக் குறைவாகப் பொருந்துவது எது என்று கேட்பார்கள். ஓ.பி.க்யூ. 32 வினாத்தாளின் பிற்காலப் பதிப்பு இவ்வகை. இங்கே எல்லாவற்றையும் உயர்த்திச் சொல்ல இடமில்லை. ஆனால் பழைய முறையில் கூட்டினால் எல்லாருக்கும் மொத்தம் ஒன்றாகவே வரும். ஒருவருக்குள் எந்தப் பண்பு ஓங்கியிருக்கிறது என்று தெரியுமே தவிர, இருவரை ஒப்பிட அது உதவாது. இந்தக் குறையைத் தீர்க்கவே புதிய புள்ளியியல் முறைகள் வந்தன.

மதிப்பெண்ணின் துல்லியமும் வரம்புக்குட்பட்டது. நம்பகத்தன்மை 0.8 உள்ள அளவுகோலில் ஸ்டென்னின் அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 0.9. அதாவது மேற்சொன்ன 7 என்பதை, 6க்கும் 8க்கும் இடையில் எங்கோ என்றே படிக்க வேண்டும். 6 பெற்றவரை விட்டு 7 பெற்றவரை எடுப்பதற்கு அதில் ஆதாரமில்லை. பொறுப்பொழுங்குக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.2 அளவில்தான். வேலைத்திறன் வேறுபாட்டில் 4 சதவீதத்தையே அது விளக்கும். மையர்ஸ்-பிரிக்ஸ் வகைப்பாட்டைப் பொறுத்தவரை, ஆளெடுப்புக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுவோரே சொல்கின்றனர். மனநோயைக் கண்டறியும் கருவிகள் வேறொரு சட்டச் சிக்கலைக் கொண்டவை. 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று எம்.எம்.பி.ஐ.யை மருத்துவப் பரிசோதனையாகவே கருதியது. மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் விண்ணப்பதாரருக்கு மருத்துவப் பரிசோதனை நடத்த அங்கே அனுமதியில்லை.