தகரக் கூரையின் கீழ்: குளிர்பதனப் பெட்டியின் செயல்திறன் குணகமும் தோட்டத்துச் சமையலறையும்

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், பகாவ் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்ட வீடுகளில் சமையலறை பெரும்பாலும் வீட்டின் பின்பக்கத்து இறக்கம். மேலே தகரம், அதன் கீழே உட்கூரை இருக்காது. அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளி, சுவரோடு ஒட்டியபடி பிரிட்ஜ் நிற்கும். அதன் தலையில் துணி விரிப்பும் பிஸ்கட் டின்களும். பிற்பகலில் அது ஓயாமல் ஓடுகிறது என்று சொன்னால், ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்ற பதில் உடனே வரும். பல வீடுகளில் பழுது இயந்திரத்தில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பது என் வாதம்.

கொடுத்த வேலைக்கு எவ்வளவு வெப்பம் அகற்றப்பட்டது என்பதே செயல்திறன் குணகம்: COP = Q/W. இரு வெப்பநிலைகளுக்கு இடையே எந்த இயந்திரமும் எட்டக்கூடிய உச்சவரம்பு, 1824இல் சாதி கார்னோ தொடங்கிவைத்த சிந்தனையிலிருந்து கிடைக்கிறது:

COP = Tc / (Th − Tc)

வெப்பநிலைகளைக் கெல்வினில் இட வேண்டும். பாடநூல் கணக்குகள் பெட்டியின் உள்வெப்பநிலையை Tc என்றும் அறையின் வெப்பநிலையை Th என்றும் கொள்கின்றன. உறைபெட்டி −18 °C, அறை 32 °C என்றால் 255/50, அதாவது 5.1. இயந்திரம் உண்மையில் வேலை செய்யும் வெப்பநிலைகள் இவை அல்ல. உள்ளிருக்கும் வெப்பம் சுருளுக்குள் பாய வேண்டுமானால், சுருள் பெட்டியைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். −23 °C எனக் கொள்வோம். அது போலவே, பின்புறக் கம்பிச் சுருள் அறையைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். அதை 45 °C எனக் கொண்டால் வரம்பு 250/68, அதாவது 3.68. அறை வெப்பநிலையைக் கொண்டு போட்ட கணக்கு, சுவர் இடைவெளியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சுருள் கணக்கு சொல்கிறது.

இரண்டு நிலைகளை ஒப்பிடுவோம். முதலாவது, 29 °C சமையலறையில் காற்றோட்டத்துடன் நிற்கும் பெட்டி: சுருள் 45 °C. இரண்டாவது, பிற்பகலில் தகரம் காய்ந்து 35 °C ஆன அறையில் சுவரோடு ஒட்டி நிற்கும் பெட்டி. அறைச்சூட்டால் 6 பாகையும் காற்று அடைபட்டதால் 4 பாகையும் ஏறி, சுருள் 55 °C ஆகிறது. இப்போது வரம்பு 250/78, அதாவது 3.21. வீட்டுப் பெட்டி இந்த வரம்பில் 40 விழுக்காட்டை எட்டும் என வைத்தால், 1 ஜூல் வேலைக்கு 1.47 ஜூல் அகற்றியது இப்போது 1.28 ஜூல்தான் அகற்றுகிறது. (அந்த 40 விழுக்காடும் சூட்டில் சற்றுக் குறையும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

இழப்பு 13 விழுக்காடுதானே என்று தோன்றும். குணகம் ஒரு விகிதம் மட்டுமே. அகற்ற வேண்டிய வெப்பத்தின் அளவை அது சொல்லாது. அந்த அளவும் இதே சூட்டில் கூடுகிறது. 4 °C கீழ்த்தட்டுக்கும் அறைக்கும் இடையே 25 பாகையாக இருந்த வேறுபாடு 31 ஆகிறது. சுவர்வழிக் கசிவு அந்த வேறுபாட்டின் நேர்விகிதத்தில் செல்வதால், 30 வாட்டாக இருந்தது ஏறத்தாழ 37 வாட் ஆகும். முதல் நிலையில் தேவை 30/1.47, அதாவது 20.4 வாட், இரண்டாவதில் 37.2/1.28, அதாவது 29 வாட். கூடுதல் 42 விழுக்காடு! உறைபெட்டியில் வேறுபாடு முன்பே பெரிது என்பதால் அங்கே கூடுவது 29 விழுக்காடு. ஆகவே மொத்த உயர்வு இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும். ஒரே சூடு இரண்டு முறை அடிக்கிறது.

மூன்றாவது அடியும் உண்டு, சிறியது. அகற்றிய வெப்பமும் செலவான வேலையும் சேர்ந்து அதே சமையலறைக்குள்தான் கொட்டப்படுகின்றன. கதவைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்க முயல்பவர், அறையைச் சூடாக்கவே மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறார்.

அப்படியானால் கேஸ் குறைவை எப்படிப் பிரித்தறிவது? கேஸ் குறைந்த பெட்டியில் பின்சுருள் வெதுவெதுப்பாகவே இருக்கும். உறைபெட்டியில் பனி ஒரு மூலையில் மட்டும் பிடிக்கும். இரவிலும் கம்ப்ரசர் ஓயாது. சூட்டால் திணறும் பெட்டியில் சுருள் கையை வைக்க முடியாத அளவு சுடும். பனி முழுவதும் சீராகப் பிடிக்கும். விடியற்காலையில், வெளியே 24 °C ஆகும்போது, கம்ப்ரசர் நெடுநேரம் ஓய்வெடுக்கும். சுருள் பக்கச்சுவர்களுக்குள் பதிந்த புதிய மாடல்களில் தொட்டுப் பார்க்க வேண்டியது பக்கவாட்டுத் தகட்டை.

மலேசிய எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரை, ஒரு பெட்டியை மற்றொன்றோடு ஒப்பிட உதவும். ஆனால் அதிலுள்ள ஆண்டு மின்செலவு, வரையறுத்த சோதனை வெப்பநிலைகளில் கிடைத்தது. பன்னாட்டுச் சோதனை நெறியான IEC 62552 அளப்பது 16 °C, 32 °C என்ற இரண்டில். தகரத்தின் கீழ் 35 °C ஆகும் பிற்பகல் அதில் இல்லை. கேஸ் அடைக்க ஆளை அழைக்கும் முன், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து, தலையிலுள்ள துணியை எடுத்துவிட்டு, இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள்.